சிப்பியிலா, சாப்பாட்டு அறையிலா?

சிப்பி கடல்நீரை உள்ளிழுத்து, செவுளால் வடிகட்டி இரை தேடும். வலையும் துணியும் உதிர்த்த நுண்பிளாஸ்டிக் இழைகளும் அதோடு குடலுக்குள் போகும். பெரிய மீனென்றால் குடலை எடுத்துவிடுகிறோம். சிப்பியையும் நெத்திலிக் கருவாட்டையும் பெரும்பாலும் முழுசாகவே தின்கிறோம்.

ஆனால், கடலை மட்டும் குற்றம் சொல்வது சரியல்ல. ஸ்காட்லாந்தின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிப்பிகளைச் சோதித்ததோடு, வீடுகளில் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் பசைப்பூச்சுள்ள சிறு கிண்ணங்களையும் வைத்தார்கள். 2018இல் முடிவு வெளிவந்தது. 20 நிமிடச் சாப்பாட்டுக்குள் கிண்ணங்களில் 14 இழைகள் வரை விழுந்திருந்தன. தட்டின் பரப்புக்குக் கணக்கிட்டால் 100க்கும் மேல். ஒரு சிப்பியில் இருந்ததோ சராசரியாக இரண்டுக்கும் குறைவு. மிச்சமெல்லாம் மெத்தை, திரைச்சீலை, செயற்கைத் துணி உதிர்க்கும் வீட்டுத் தூசு. மிகமிக நுண்ணிய துகள்கள் இத்தகைய கணக்கெடுப்பில் சிக்குவதில்லை.