திரையில் எட்டு எழுத்து, கையில் போன்

புதிதாக வாங்கிய ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை டிவியின் பின்னால் செருகியதும் அது உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கும். முதலில் வீட்டு வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும். அடுத்து உங்கள் கணக்கு. விசைப்பலகை இல்லாத கருவி என்பதால் இந்த இரண்டுக்கும் போனைத் துணைக்கு அழைக்கும். இரண்டும் போனில்தானே நடக்கின்றன என்று இவற்றை ஒரே வேலையாக நினைத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. முதல் வேலைக்குப் போன் அந்த ஸ்டிக்கின் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். இரண்டாவது வேலைக்குப் போன் எந்த ஊரில் இருந்தாலும் சரிதான். நம் வசதியும் ஆபத்தும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கின்றன.

முதலில் வைஃபை. இணையமே இல்லாத ஒரு கருவிக்கு வைஃபை பாஸ்வேர்டை எப்படிச் சொல்வது? 2013-இல் கூகுள் வெளியிட்ட முதல் குரோம்காஸ்டில் ரிமோட்டே கிடையாது. அது தானே ஒரு சின்ன வைஃபையைப் பரப்பும். போன் அதில் இணைந்து, வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டை அதன் காதில் போடும். உடனே குரோம்காஸ்ட் தன் வைஃபையை மூடிவிட்டு வீட்டு வைஃபைக்கு மாறிக்கொள்ளும். இடையில் போன், “இந்த நெட்வொர்க்கில் இணையம் இல்லை, மாற்றட்டுமா?” என்று கேட்கும். பலரும் சரி என்று தட்டிவிடுவார்கள். அங்கேயே வேலை அறுந்துவிடும். அந்த நேரத்தில் இணையம் இல்லாமல் இருப்பதுதான் சரியான நிலை, அப்படியே விட்டுவிட வேண்டும்.

இப்போது வரும் கருவிகள் பலவும் இதே வேலைக்கு புளூடூத்தைப் பயன்படுத்துகின்றன. மின்னூல் படிக்கும் கிண்டிலின் புதிய மாடல்களும் போனில் உள்ள கிண்டில் செயலி வழியாகவே அமைத்துக்கொள்ள வழி தருகின்றன. மின்மைத் திரையில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டித் தட்டி நீளமான பாஸ்வேர்டை அடித்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இங்கே அடிக்கடி வரும் தடங்கல், போனில் கருவியே தென்படாமல் போவது. ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை, பக்கத்திலுள்ள புளூடூத் கருவியைத் தேட வேண்டுமானால் செயலிக்கு இருப்பிட அனுமதி தந்தே ஆக வேண்டும். “கிண்டிலுக்கு என் இருப்பிடம் எதற்கு?” என்று நியாயமாகச் சந்தேகப்பட்டு மறுத்தவர்களுக்குத் தேடல் வெறுமையாகவே சுற்றிக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டு 12-இல்தான் பக்கத்துக் கருவிகளைத் தேடுவதற்கென்று தனி அனுமதி வந்தது. பழைய போனாக இருந்தால், அமைக்கும் வரை அனுமதி கொடுத்துவிட்டு, முடிந்ததும் எடுத்துவிடலாம்.

வீட்டில் பிராட்பேண்ட் இல்லை, போனின் ஹாட்ஸ்பாட்தான் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய ஸ்டிக்குகளும் பழைய கிண்டில்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். போன் 5 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட் பரப்பினால், மற்ற எல்லாக் கருவிகளுக்கும் தெரியும் பெயர் இதன் பட்டியலில் மட்டும் வராது. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் ஹாட்ஸ்பாட் அமைப்புகளுக்குள்ளேயே அலைவரிசையை மாற்றலாம். ஐபோனில் அதற்கான பொத்தானின் பெயர் Maximise Compatibility.

ரிமோட்டைத் தொலைத்துவிட்டு, அதே சமயத்தில் ரூட்டரையும் மாற்றிவிட்ட வீடுகளில்தான் உண்மையான முட்டுக்கட்டை. ஃபயர் டிவியின் செயலி போனையே ரிமோட்டாக்கும். ஆனால் போனும் ஸ்டிக்கும் ஒரே வைஃபையில் இருந்தால்தான் அது வேலை செய்யும். ஸ்டிக்கோ பழைய வைஃபையைத் தேடிக்கொண்டிருக்கிறது. புதியதைக் காட்டிக்கொடுக்க ரிமோட் வேண்டும். ரிமோட்டாகப் போன் மாற வைஃபை வேண்டும். இதை அவிழ்க்க இரண்டு போன் தேவை. ஒன்றில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, அதற்குப் பழைய வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வையுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இடைவெளி எதுவும் மாறக் கூடாது. ஸ்டிக் அதைப் பழைய வீடு என்று நம்பித் தானாகச் சேர்ந்துவிடும். இரண்டாவது போனையும் அதே ஹாட்ஸ்பாட்டில் சேர்த்துச் செயலியைத் திறந்தால் ஸ்டிக்கின் பெயர் தெரியும். டிவியில் ஒரு எண் தோன்றினால் அதைச் செயலியில் அடியுங்கள். பிறகு நெட்வொர்க் அமைப்புக்குள் போய்ப் புதிய வைஃபையைத் தேர்ந்தெடுக்கலாம். ஸ்டிக் அங்கே தாவிய கணமே செயலியின் தொடர்பு அறுந்துபோகும். பயப்பட வேண்டாம், போனையும் புதிய வைஃபைக்கு மாற்றினால் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

வைஃபை முடிந்தது. அடுத்து டிவியில் ஓர் இணைய முகவரியும், அதன் கீழே WDJB-MJHT போன்ற ஒரு குறியீடும் தோன்றும். பக்கத்தில் க்யூஆர் சதுரம் இருந்தால் அதற்குள்ளும் பெரும்பாலும் இதே முகவரிதான் இருக்கும். இந்தக் குறியீடு வந்துவிட்டது என்றாலே வைஃபை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஏனென்றால் இது ஸ்டிக்குக்குள் இருந்த எண் அல்ல. நிறுவனத்தின் சர்வரைத் தொடர்புகொண்டு, அந்த நிமிடம் வாங்கி வந்தது. இதற்குப் பிறகு ஏதாவது சிக்கினால் ரூட்டரை அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை.

இந்த முறைக்கு 2019 ஆகஸ்ட்டில் வெளியான ஒரு பொதுத் தரம் உண்டு: RFC 8628. மேலே சொன்ன எட்டு எழுத்தும் அதில் உள்ள எடுத்துக்காட்டுதான். நிறுவனத்துக்கு நிறுவனம் நீளமும் வடிவமும் மாறும். ஸ்டிக் சர்வரிடம் கேட்கும்போது அதற்கு இரண்டு குறியீடுகள் கிடைக்கின்றன. திரையில் தெரிவது குட்டையானது, மனிதர்களுக்கானது. இன்னொன்று நீளமானது, ஸ்டிக் அதை யாருக்கும் காட்டாமல் தனக்குள் வைத்துக்கொள்ளும். நீங்கள் போனில் அந்த முகவரிக்குப் போய், குட்டைக் குறியீட்டை அடித்து, உங்கள் கணக்கில் நுழைந்து, “அனுமதிக்கிறேன்” என்று தட்டுகிறீர்கள். ஸ்டிக் இதற்கிடையில் தன் நீளக் குறியீட்டைக் காட்டி, சர்வரிடம் “ஆயிற்றா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. வேறு இடைவெளி சொல்லப்படாவிட்டால் 5 வினாடிக்கு ஒரு முறை கேட்க வேண்டும் என்கிறது தரம். நீங்கள் அனுமதி தட்டியும் டிவி சில வினாடி சும்மா நிற்பது இதனால்தான். அடுத்த முறை கேட்கும்போது அதற்கு ஒரு டோக்கன் கிடைக்கும். இனி அந்த டோக்கன்தான் உங்கள் பெயரில் பேசும். பாஸ்வேர்டு டிவிக்கோ ஸ்டிக்குக்கோ போகவே இல்லை.

ஸ்டிக்கும் போனும் நேரடியாக ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டும் சர்வரிடம்தான் பேசுகின்றன. போன் மொபைல் டேட்டாவில் இருக்கலாம், வேறு நாட்டிலும் இருக்கலாம். திருநெல்வேலியில் அம்மா, சிங்கப்பூரில் மகன் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு மகனுடையது. வாட்ஸ்அப் அழைப்பில் பேச்சு இப்படிப் போகும்.

“அம்மா, டிவில என்ன எழுத்து தெரியுது, ஒண்ணொண்ணா சொல்லுங்க.”

“டபிள்யூ, டி, ஜே, பி…”

“பாம்பேக்கு வர்ற பி-யா, பாண்டிச்சேரிக்கு வர்ற பி-யா?”

கேட்பதில் இந்தத் தடுமாற்றம் வரும் என்று எதிர்பார்த்தே குறியீடுகளுக்கு எழுத்துகளைப் பொறுக்கி எடுக்கிறார்கள். உயிரெழுத்துகளையும் Y-ஐயும் விட்டுவிட்டு 20 ஆங்கில எழுத்துகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது தரத்தின் பரிந்துரை. எண்கள் இல்லாததால் O-வா பூஜ்யமா, I-யா ஒன்றா என்ற சந்தேகம் வராது. உயிரெழுத்து இல்லாததால் தற்செயலாக ஏதேனும் கெட்ட வார்த்தையும் உருவாகாது. இருபதே எழுத்து என்றாலும் எட்டு இடங்களில் அவை சுமார் 2,560 கோடி விதமாக அமையும், குருட்டாம்போக்கில் ஊகிக்க முடியாது. ஆனால் B-யும் P-யும், D-யும் T-யும் தமிழ்க் காதுக்கு ஒன்றாகவே விழும். அதற்குத் தரத்தில் மருந்தில்லை. டிவித் திரையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வது மேல்.

குறியீட்டுக்கு ஆயுள் உண்டு. தரத்தின் எடுத்துக்காட்டில் அது 1,800 வினாடி, அதாவது அரை மணி நேரம். நிஜத்தில் இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். மகன் அடிப்பதற்குள் அம்மா ரிமோட்டில் பின் செல்லும் பொத்தானை அழுத்தித் திரும்ப வந்தால் அனேகமாகப் புதுக் குறியீடு வந்திருக்கும். பழையதை அடித்தால் தவறு என்று வரும், அல்லது போனில் எல்லாம் சரியென்று காட்டியும் டிவி அசையாது. அப்போது திரையில் இந்த நிமிடம் என்ன இருக்கிறது என்று மறுபடி கேட்டாலே போதும்.

முகவரியைத் தேடுபொறியில் போட்டுத் தேடாமல், பிரவுசரின் முகவரிப் பட்டையிலேயே முழுதாக அடியுங்கள். தேடினால் ‘ஆக்டிவேஷன்’ என்ற பெயரில் போலிப் பக்கங்களும், கட்டணம் கேட்கும் போலி உதவி எண்களும் முன்னால் வந்து நிற்கக்கூடும். ஸ்டிக்கைக் கணக்கோடு இணைக்கக் கட்டணம் எதுவும் இல்லை.

இனி நான் மிகவும் கவலைப்படும் இடம். மகன் சிங்கப்பூரிலிருந்து அம்மாவின் ஸ்டிக்கைத் திறக்க முடிகிறது என்றால், முன்பின் தெரியாத ஒருவர் தன் கருவியை உங்கள் கணக்கால் திறந்துகொள்ளவும் முடியும். அவர் தன் பக்கத்தில் ஒரு குறியீட்டை உருவாக்கி, ஏதோ ஒரு காரணம் சொல்லி, “இந்த முகவரிக்குப் போய் இதை அடியுங்கள்” என்று உங்களுக்கு அனுப்புவார். முகவரி google.com/device போல முழுக்க உண்மையானதாகவே இருக்கும். நீங்கள் பாஸ்வேர்டைக் கொடுப்பதும் உண்மையான நிறுவனத்திடம்தான். ஓடிபி கேட்டால் அதையும் அங்கேதான் கொடுக்கிறீர்கள். போலித்தளமா என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே ஒன்றும் தட்டுப்படாது. டோக்கன் மட்டும் அவருடைய கருவிக்குப் போய்விடும். 2025 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட், Storm-2372 என்று தான் பெயரிட்ட ஒரு குழு இதே உத்தியால் அரசு அலுவலகங்களின், நிறுவனங்களின் கணக்குகளுக்குள் நுழைந்துவந்ததை வெளியிட்டது. வாட்ஸ்அப், சிக்னல் போன்றவற்றில் பேச்சுக் கொடுத்துப் பழகிய பிறகு, கூட்டத்துக்கான அழைப்பு என்று சொல்லிக் குறியீட்டை அனுப்பியிருக்கிறார்கள்.

ஆகவே நீங்கள் அடிக்கும் குறியீடு, இந்த நிமிடம் உங்கள் கண்முன் உள்ள திரையிலோ, நீங்களே குரலை அடையாளம் கண்டு பேசிக்கொண்டிருக்கும் வீட்டு மனிதரின் திரையிலோ இருக்க வேண்டும். குறுஞ்செய்தியிலோ மெயிலிலோ தானாக வந்த குறியீட்டை அடிக்கவே கூடாது. அனுமதி கேட்கும் பக்கத்தில் எந்தக் கருவி, எந்தச் செயலி என்று எழுதியிருக்கும் வரியையும் படியுங்கள். டிவியில் யூடியூப் பார்க்கத் தொடங்கும்போது அங்கே வேறு ஏதோ செயலியின் பெயர் இருந்தால் மறுத்துவிட்டு வெளியே வாருங்கள்.

ஒருவேளை அடித்துவிட்டீர்கள் என்றாலும், ஸ்டிக்கை யாருக்காவது கொடுத்துவிட்டீர்கள் என்றாலும், டோக்கனைத் திரும்ப வாங்கலாம். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் Your devices என்ற பட்டியலில் அறிமுகமில்லாத கருவியைத் தேர்ந்தெடுத்து வெளியேற்றுங்கள். அமேசானில் ஃபயர் ஸ்டிக்கும் கிண்டிலும் ஒரே பட்டியலில், Manage Your Content and Devices என்ற பக்கத்தில் இருக்கும். Deregister என்பதைத் தட்டினால் அந்தக் கருவி உங்கள் கணக்கிலிருந்து பிரிந்துவிடும்.