2,880 ஓட்டங்கள், ஒரு மெயில்

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், துணை சர்வர் என்று எண்ணி, முதன்மை சர்வரில் இருந்த தரவுத்தளக் கோப்புகளை அழிக்கத் தொடங்கினார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்திவிட்டார். ஆனால் அதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் ஏறக்குறைய 4.5 ஜிபி மட்டுமே மிஞ்சியிருந்தது. தினமும் தானாக எடுக்கப்படும் பேக்கப்பைத் தேடிப் போனார்கள். அதை வைக்கும் இடம் காலியாக இருந்தது. பேக்கப் எடுக்கும் புரோகிராம் பழைய பதிப்பாகவும் தரவுத்தளம் புதிய பதிப்பாகவும் இருந்ததால், ஒவ்வொரு நாளும் அந்த வேலை தொடங்கித் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்ல மெயிலும் கிளம்பியிருக்கிறது. அனுப்புநர் யார் என்பதை உறுதிசெய்யும் ஏற்பாடு அந்த மெயில்களுக்குச் செய்யப்படாததால், பெறும் சர்வர் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டது. வேறொரு வேலைக்காக யாரோ ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்திருந்த நகல் ஒன்று கிடைத்ததால், இழப்பு அந்த ஆறு மணி நேரத்தோடு நின்றது. நடந்ததை நிறுவனமே மறைக்காமல் எழுதி வெளியிட்டது.

இதில் என் கவனம் அழித்தவர் மேல் போகவில்லை, அதற்கு முந்தைய நாட்களின் அமைதி மேல்தான் போகிறது. மெயில் வரவில்லை, ஆகவே குறை இல்லை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். தானாக ஓடும் வேலைகள் இருக்கும் எந்த அலுவலகத்திலும் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். வங்கிக் கணக்கை ஒப்பிடுவது, கிடங்கு இருப்பைச் சரிபார்ப்பது, காலாவதியாகும் சான்றிதழ்களைத் தேடுவது போன்ற வேலைகள் ஐந்து நிமிடத்துக்கோ பதினைந்து நிமிடத்துக்கோ ஒருமுறை ஓடுகின்றன. நூறு முறை ஓடினால் தொண்ணூற்றொன்பது முறை எதுவும் அகப்படாது, அகப்படவும் கூடாது. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு மெயில் வந்தால் மூன்றாம் நாளே அதைத் தனி ஃபோல்டருக்குத் தள்ளிவிடுவார்கள். அதனால் பல குழுக்களில் மாதம் முடிந்ததும் டீம் லீடுக்கு ஒரே தொகுப்பு மெயில் போகிறது. பெரும்பாலும் வெறுமையாக முடிந்த ஆயிரக்கணக்கான ஓட்டங்களைப் பற்றி அந்த மெயில் என்ன சொல்ல வேண்டும் என்பதே இங்கே கேள்வி.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்க்கலாம். இணையத்தில் பொருள் விற்கும் ஒரு கடை. வாடிக்கையாளர் பணம் கட்டியதும் கடையின் ஏட்டில் ஒரு பதிவு விழும், வங்கிப் பக்கத்திலும் ஒரு பதிவு விழும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு புரோகிராம் இரண்டையும் ஒப்பிடுகிறது. கடையில் இருந்து வங்கியில் இல்லாததும், வங்கியில் இருந்து கடையில் இல்லாததும் வேறுபாடு. ஒரு மணிக்கு 4 ஓட்டம், நாளுக்கு 96. ஜூன் மாதத்துக்கு 30 நாள், ஆக 2,880.

இந்தப் பெருக்கலை மெயில் எழுதுபவர் காலண்டரைப் பார்த்துத் தானே போட வேண்டும், புரோகிராமின் குறிப்பேட்டிலிருந்து எடுக்கக் கூடாது. ஓடிய புரோகிராம்தான் குறிப்பேட்டில் எழுதும், ஓடாதது எதையும் எழுதாது. நம் கடையின் குறிப்பேட்டை எண்ணினால் 2,868 வரிகள் இருக்கின்றன. தனியாகப் பார்த்தால் நிறைவான எண்தான். 2,880 பக்கத்தில் வைத்தால்தான் 12 குறைவது தெரியும். தேடிப் பார்த்ததில் 14-ஆம் தேதி அதிகாலை ஒரு மணி முதல் நான்கு மணி வரை சர்வரை மாற்றியிருக்கிறார்கள். பழைய சர்வரில் வேலையை நிறுத்தியவர்கள் புதியதில் மூன்று மணி நேரம் கழித்தே தொடங்கியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட இடைவெளியை அன்றே பிடிக்க வழி இருக்கிறது. ஒவ்வோர் ஓட்டமும் முடிந்ததும் இன்னொரு சர்வருக்கு ஒரு சிறு செய்தி அனுப்பும், குறித்த நேரத்தில் அந்தச் செய்தி வராவிட்டால் அந்த சர்வர் எச்சரிக்கும். அந்த ஏற்பாடு இல்லாத குழுக்களுக்கு இந்தக் கழித்தல் கணக்கு ஒன்றே துணை.

அடுத்து, ஓடிய 2,868. இவற்றில் 23 ஓட்டங்கள் வேறுபாடு கண்டன, மீதி 2,845 வெறுமையாக முடிந்தன. பெரும்பாலான மாத மெயில்கள் இந்த இடத்தில் நின்றுவிடும்: 2,868 வெற்றி, 23-இல் வேறுபாடு, 99.2 சதவீதம் சரி. எனக்கு இந்த வரி மேல் கொஞ்சமும் நம்பிக்கை இல்லை. இங்கே வெற்றி என்றால், புரோகிராம் இடையில் விழாமல் கடைசி வரிக்கு வந்துவிட்டது என்பது மட்டுமே. முடியும்போது அது 0 என்ற எண்ணைத் திருப்பித் தருகிறது, குறை இருந்தால் வேறு எண். அந்த 0 எவ்வளவு எளிதில் ஏமாற்றும் என்பதற்குப் பேக்கப் எடுப்பவர்கள் அறிந்த ஒரு வரி போதும்:

```
pg_dump shop | gzip > shop.gz
```

முதல் பாதி தரவுத்தளத்தை எடுத்துத் தர, இரண்டாம் பாதி அதைச் சுருக்கிக் கோப்பாக வைக்கிறது. முதல் பாதி தொடக்கத்திலேயே தோற்றாலும், கூடுதலாக எதுவும் சொல்லி வைக்காவிட்டால் இந்த வரி திருப்பித் தருவது இரண்டாம் பாதியின் முடிவைத்தான். `gzip` வெறுமையை ஒழுங்காகச் சுருக்கி, 20 பைட் கோப்பு ஒன்றை வைத்துவிட்டு 0 என்று சொல்லும். தினமும் கோப்பு உருவாகிறது, தினமும் வெற்றி பதிகிறது. கோப்பின் அளவையும் சேர்த்து எழுதும் மெயிலில் மட்டுமே அந்த 20 கண்ணில் படும்.

நம் கடையிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த குறைதான். பின்னிரவில் விற்பனையே இருக்காது, வங்கிப் பட்டியலும் காலியாக வரும். அதனால் எழுதியவர், வங்கிப் பட்டியல் காலியென்றால் ஒப்பிட எதுவும் இல்லை, அமைதியாக முடித்துக்கொள் என்று ஒரு வரி சேர்த்திருந்தார். இரவுக்கு அது நியாயமான வரி. 20-ஆம் தேதி காலை பத்து மணிக்கு வங்கிப் பக்கம் நுழைவதற்கான சாவி காலாவதியானது. வங்கியின் சர்வர் குறை எதுவும் சொல்லாமல் காலிப் பட்டியல் ஒன்றை அனுப்பியது. புரோகிராம் அதை இரவின் அமைதியாகவே எடுத்துக்கொண்டது. இரவு பத்து மணிக்கு வேறு காரணத்துக்காகச் சாவியைப் புதுப்பிக்கும் வரை, பன்னிரண்டு மணி நேரம், 48 ஓட்டங்கள் எதையும் பார்க்காமலே ‘வேறுபாடு இல்லை’ என்று எழுதின.

ஆக வெறுமையாக முடிந்த 2,845-இல் 48 மட்டும் வேறு இனம். அவற்றைப் பிரித்துக் காட்ட, ஒவ்வோர் ஓட்டமும் என்ன கண்டது என்பதோடு எத்தனைப் பதிவுகளைப் பார்த்தது என்பதையும் எழுத வேண்டும். அதுவும் இரு பக்கத்துக்கும் தனித்தனியாக. பின்னிரவு மூன்று மணிக்குக் கடைப் பக்கம் 0, வங்கிப் பக்கம் 0 என்றால் உண்மையிலேயே ஒன்றும் நடக்கவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்குக் கடைப் பக்கம் 80, வங்கிப் பக்கம் 0 என்றால், பார்க்க வேண்டியது இருந்தும் பார்க்கவில்லை. வங்கிப் பக்கத்து எண்ணை மட்டும் எழுதினால் இரண்டும் ஒரே 0-வாகத் தெரியும். இந்த இரு எண்களும் குறிப்பேட்டில் இல்லாவிட்டால் மாதக் கடைசியில் எவ்வளவு உழைத்தாலும் தொகுப்பு மெயிலால் உண்மையைச் சொல்ல முடியாது.

கிடைத்த நான்கு எண்களும் கூடிச் சேர வேண்டும். பார்த்து ஒன்றும் காணாதவை 2,797, வேறுபாடு கண்டவை 23, பார்க்காமலே முடிந்தவை 48, ஓடாதவை 12. கூட்டினால் 2,880. கூட்டல் இடித்தால் பெயரில்லாத ஐந்தாவது வகை ஒன்று இருக்கிறது என்று பொருள், அதைக் கண்டுபிடிக்கும் வரை மெயிலை அனுப்பக் கூடாது.

விடுபட்ட 60 ஓட்டங்கள் மாதத்தில் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல். சதவீதமாகச் சொன்னால் டீம் லீட் தாண்டிப் போய்விடுவார், அது அவர் குற்றமும் அல்ல. மணி நேரமாகச் சொன்னால் படம் மாறும்: 14-ஆம் தேதி அதிகாலை மூன்று மணி நேரம், 20-ஆம் தேதி பகல் முழுவதும். அதிகாலையின் மூன்று மணி நேரத்தில் கடைக்கு விற்பனையே சொற்பம், 20-ஆம் தேதியோ அந்த நாளின் வியாபாரம் முழுவதும் யாரும் ஒப்பிடாமல் போயிருக்கிறது. மெயில் அனுப்பும் முன் அந்த 15 மணி நேரத்தையும் மறுபடி ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். நம் கடையில் நான்கு வேறுபாடுகள் அகப்பட்டன, நான்கும் 20-ஆம் தேதி நடந்தவை.

மெயிலின் தலைப்பு வரி ‘ஜூன் மாத அறிக்கை’ என்றிருந்தால் அது திறக்கப்படாமலே கிடக்கும். தலைப்பிலேயே செய்தி இருக்கட்டும்: ‘ஜூன் வங்கி ஒப்பீடு: 15 மணி நேரம் விடுபட்டது, மறுபடி ஓட்டியதில் 4 வேறுபாடு, உங்கள் முடிவு ஒன்று தேவை.’ மெயிலின் முதல் பத்தி அந்தப் பதினைந்து மணி நேரம் எது, ஏன் விடுபட்டது, நான்கு வேறுபாடுகளும் இப்போது எந்த நிலையில் உள்ளன என்று சொல்லும். அடுத்த பத்தி கேட்க வேண்டியதைக் கேட்கும்: கடைப் பக்கம் பதிவுகள் இருந்து வங்கிப் பக்கம் காலியாக இருந்தால் புரோகிராம் குறை சொல்லி நிற்கும்படி மாற்ற ஒரு நாள் வேலை, இந்த வாரம் செய்யலாமா? சாவி காலாவதியாகும் தேதியை இனி யார் கவனிப்பது? அதற்குக் கீழே கூட்டிச் சேரும் நான்கு எண்கள். 23 ஓட்டங்கள் கண்ட வேறுபாடுகளை ஒவ்வொன்றாக விவரிக்க வேண்டியதில்லை, அவை அன்றன்றே தீர்க்கப்பட்டவை. தீராமல் நிற்பது இருந்தால் அது மட்டும் வரட்டும்.

மற்ற 2,797 பற்றி ஒரு வரி போதும், ஆனால் அந்த வரிக்குப் பின்னால் ஒரு சான்று வேண்டும். நல்ல குழுக்கள் மாதம் ஒருமுறை தெரிந்தே ஒரு பொய் வேறுபாட்டை உள்ளே போடுகின்றன. கடைப் பக்கத்தில் மட்டும் ஒரு ரூபாய்க்கு ஒரு சோதனைப் பதிவு. அடுத்த ஓட்டம் அதைப் பிடித்ததா, பிடித்தது உரியவரின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கிறார்கள். கிட்லேபில் அறுந்தது இந்தக் கடைசிக் கண்ணிதான். ‘11-ஆம் தேதி போட்ட சோதனைப் பதிவு 15 நிமிடத்துக்குள் பிடிபட்டு, பணியில் இருந்தவருக்குப் போய்ச் சேர்ந்தது’ என்று எழுத முடிந்தால், மற்ற நேரத்து மௌனத்தை நம்ப ஒரு காரணம் கிடைக்கிறது. சோதனைப் பதிவை மறக்காமல் நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கணக்குத் துறை அந்த ஒரு ரூபாயைத் தேடிக்கொண்டிருக்கும்.

இந்த மெயிலால் ஆகாததும் உண்டு. 20-ஆம் தேதி நடந்ததை ஜூலை முதல் தேதி சொல்வது மிகவும் தாமதம், அன்று பகலே யாருடைய போனாவது ஒலித்திருக்க வேண்டும். மாத மெயிலை எச்சரிக்கை மணியாகப் பயன்படுத்தும் குழு, பதினொரு நாள் பழைய செய்தியைத்தான் எப்போதும் படித்துக்கொண்டிருக்கும். அன்றாடக் கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல நகர்வதைக் காட்டுவதே இதன் வேலை. நம் கடையில் ஓர் ஓட்டத்துக்கு ஏப்ரலில் சராசரியாக 2 நிமிடம் ஆனது, மே மாதம் 4, ஜூனில் 7. எந்த நாளிலும் குறை என்று சொல்ல எதுவும் இல்லை. 15 நிமிடத்தைத் தாண்டும் நாளில் ஓர் ஓட்டம் முடியும் முன்னே அடுத்தது தொடங்கிவிடும், இரண்டும் ஒரே பதிவுகளைத் தொட்டு ஒரே வேறுபாட்டை இருமுறை எழுதும். அதனால் அந்த மூன்று மாத எண்களும் மெயிலின் கடைசி வரியில் பக்கம் பக்கமாக நிற்க வேண்டும், ஓட்டங்களின் இடைவெளியை அரை மணியாக்கலாமா என்ற கேள்வியோடு.