பார்வையும் இணைப்பும் பொருந்த வேண்டும்

நகராட்சிக்குத் தொழில் உரிமப் புதுப்பிப்புக் கடிதம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேண்டுகோள் பத்தியில்தான் நேரம் செலவிடுகிறார்கள். அலுவலகத்தில் முதலில் பார்க்கப்படுவது ‘பார்வை’ என்ற பகுதி. கடிதத்தை எந்தக் கோப்பில் சேர்ப்பது என்பதை அதுதான் சொல்கிறது.

ஒரு மாவு மில்லை எடுத்துக்கொள்வோம். உரிமம் 31.03.2025 அன்று முடிகிறது. ஆணையருக்கு எழுதும் கடிதத்தில் பொருளும் பார்வையும் இப்படி இருக்கலாம்:

பொருள்: தொழில் உரிமம் – மாவு மில் – 2025-26ஆம் ஆண்டுக்குப் புதுப்பிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலக உரிமம், ந.க.எண். 1147/2024/எச்1, நாள் 18.03.2024.
2. உரிமக் கட்டண ரசீது எண் 0562, நாள் 10.02.2025.

எண்ணின் கடைசியில் உள்ள ‘எச்1’ அந்தக் கோப்பைக் கையாளும் இருக்கையைக் குறிக்கும். அதை விட்டுவிட்டால் கடிதம் தபால் பிரிவிலிருந்து எந்த மேசைக்குப் போவது என்று தெரியாமல் சுற்றும். எண்ணை உரிமத்தைப் பார்த்து அப்படியே எழுத வேண்டும், நாளையும் விடக்கூடாது.

பார்வையில் சொன்ன ஒவ்வொரு தாளின் நகலும் அதே வரிசையில் இணைப்பாக வர வேண்டும். உரிம நகல் இணைப்பு 1, ரசீது நகல் இணைப்பு 2. பார்வையில் வராத சொத்து வரி ரசீதும் வாடகை ஒப்பந்தமும் அவற்றுக்குப் பின்னால் 3, 4 என்று தொடரட்டும். நகலின் வலது மேல் மூலையில் எண்ணைக் கையால் எழுதிவிட்டு, கடிதத்தின் பத்தியிலும் ‘கட்டணம் செலுத்தியுள்ளேன் (இணைப்பு 2)’ என்று குறித்தால், சரிபார்ப்பவர் தாள்களைப் புரட்டித் தேட வேண்டியதில்லை.

கடிதம் திரும்பி வருவது பெரும்பாலும் தாள் குறைவதால் அல்ல, தாள்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதால். உரிமத்தில் கதவு எண் 14, சொத்து வரி ரசீதில் 31 என்று இருந்தால், படிப்பவருக்கு அவை இரண்டு கட்டடங்கள். ‘பழைய எண் 14, புதிய எண் 31, இரண்டும் ஒரே கட்டடம்’ என்று கடிதத்திலேயே ஒரு வரி எழுதி, இரு எண்களையும் காட்டும் வரி ரசீது இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். பெயரின் தலைப்பெழுத்து மாறியிருந்தாலும் இதே வழிதான்.

மோட்டார் விஷயம் வேறு. உரிமத்தில் 5 குதிரைத்திறன் என்றிருக்க, இடையில் 7.5 பொருத்தியிருந்தால், அதைப் புதுப்பிப்புக் கடிதத்துக்குள் ஓசைப்படாமல் நுழைக்கக் கூடாது. அது உரிமத்தின் விவரத்தையே மாற்றுவது. தனி விண்ணப்பமாகக் கொடுத்து, அதன் எண்ணையும் நாளையும் இந்தக் கடிதத்தில் மூன்றாவது பார்வையாகக் காட்டுவதே நேர்மையான வழி. ஆய்வுக்கு வருபவர் மோட்டாரில் பொறித்த தகட்டைத்தான் பார்ப்பார்.

இணையவழியில் விண்ணப்பித்தவர்கள் விளக்கம் கேட்டு வரும் குறிப்புக்குப் பதில் எழுதும்போது, விண்ணப்ப எண்ணையே முதல் பார்வையாக வைக்கலாம். நேரில் கொடுப்பவர்கள் இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் நாள் முத்திரையும் வரவு எண்ணும் வாங்கிக்கொள்ள வேண்டும். பதில் வராமல் நினைவூட்டல் எழுத நேர்ந்தால், அந்த எண்தான் அதன் முதல் பார்வை.