முதல் பணிக்குறிப்பு எழுதும் முறை

பணிக்குறிப்பு என்பது ஒருவர் என்ன வேலை செய்கிறார் என்பதை, அவரைப் பார்த்திராத ஒருவருக்கு நான்கைந்து வாக்கியங்களில் சொல்லும் சிறு பத்தி. பயோடேட்டா வேறு. அதில் தகப்பனார் பெயரும் பிறந்த தேதியும் வரிசையாக வரும். பணிக்குறிப்பில் அவற்றுக்கு இடமில்லை. முதன்முதலாக எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் கலந்துவிடுகிறார்கள்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் 2024-இல் தரப் பரிசோதகராகச் சேர்ந்த பெண்ணை எடுத்துக்கொள்ளலாம். படித்த கல்லூரியில் பேச அழைப்பு வருகிறது. அறிமுகக் குறிப்பும் கேட்கிறார்கள். "கடின உழைப்பாளி, எதையும் விரைவில் கற்றுக்கொள்பவர், குழுவாகச் செயல்படுவதில் ஆர்வம் உள்ளவர்" என்று எழுதி, பெரியம்மா மகளுக்கு அனுப்புகிறாள். அக்காவின் பதில் கடிதத்தில் முதல் வரியே ஒரு கேள்வி: "நேற்று காலை வேலைக்குப் போனதும் என்ன செய்தாய்?"

எழுதத் தொடங்க வேண்டிய இடம் இதுதான். துணி ரோலிலிருந்து ஜி.எஸ்.எம். கட்டரால் 100 சதுர செ.மீ. அளவுள்ள வட்டத்தை வெட்டித் தராசில் வைத்ததாக அவள் சொல்கிறாள். 1.8 கிராம் காட்டினால் அது 180 ஜி.எஸ்.எம். துணி. ஆர்டரில் கேட்ட எடைக்குக் குறைந்தால் ரோல் கட்டிங்குக்குப் போகாது. கடின உழைப்பாளி என்று யாரும் எழுதலாம். இதை அந்த வேலையைச் செய்பவர்தான் எழுத முடியும்.

அடுத்தது வரிசை. முதல் வாக்கியத்தில் பெயர், வேலை, ஊர். இரண்டாவதில் அன்றாடப் பொறுப்பு. மூன்றாவதில் செய்துமுடித்த ஒரு காரியம். படிப்பு கடைசியில் வந்தால் போதும். மேடையில் வேறொருவர் வாசிக்கப்போவதால் "நான்" வராது. பெயருக்குப் பிறகு "இவர்" வரும்:

"இவர் திருப்பூரில் உள்ள பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் 2024 முதல் தரப் பரிசோதகராகப் பணியாற்றுகிறார். கட்டிங்குக்குப் போகுமுன் துணியின் எடை, நிற வேறுபாடு, ஓட்டை ஆகியவற்றைச் சோதிப்பது இவரது பொறுப்பு. திருப்பி அனுப்பும் ரோல்களுக்கான காரணங்களைப் பதிய, தம் பிரிவுக்கென ஒரு படிவம் தயாரித்தார். ஆடைத் தொழில்நுட்பத்தில் பட்டம் பெற்றவர்."

படிவத்தை மேற்பார்வையாளருடன் சேர்ந்து தயாரித்திருந்தால், "தயாரிப்பதில் பங்கேற்றார்" என்றே எழுத வேண்டும். உடன் வேலை செய்பவர் வாசித்து முகம் சுளிக்கும் வரி எதுவும் இருக்கக் கூடாது. யாருக்காகத் துணி தைக்கப்படுகிறது என்பதை வெளியில் சொல்ல நிறுவனம் அனுமதிக்காமல் இருக்கலாம். கேட்டுவிட்டு எழுதுவதே முறை.

எழுதியதை ஒருமுறை வாய்விட்டு வாசிக்க வேண்டும். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை இரண்டாக உடைக்கலாம். "ஓராண்டாகப் பணியாற்றுகிறார்" என்று எழுதினால் அடுத்த ஆண்டே அது பொய்யாகிவிடும்; "2024 முதல்" என்பது அப்படியே நிற்கும். வேலை மாறும்போது முதல் மூன்று வாக்கியங்களை மாற்ற வேண்டியிருக்கும், படிப்பைச் சொல்லும் கடைசி வரியைத் தொட வேண்டியதில்லை.