எந்த வரி அதைச் சொல்கிறது?

தமிழ்ச் சுயவிடைக் கருத்தறிதலில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது கடைசி வினாவில்தான். “அவர் செய்தது சரியா? பகுதியிலிருந்து சான்று காட்டி உன் கருத்தை எழுது” என்ற வகை வினா அது. மொழி நன்றாகத் தெரிந்த பிள்ளைகளும் அதில் மதிப்பெண் இழப்பதுண்டு. ஏன் என்று பார்க்க ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொள்வோம். இந்தக் கட்டுரைக்காகவே எழுதியது.

சந்தையிலிருந்து திரும்பும்போது பாட்டி வழுக்கி விழுந்தார். முழங்கால் வீங்கியது. “அம்மாகிட்ட சொல்லாதே, இந்த வாரம் அவளுக்கு முக்கியமான கூட்டம் இருக்கு” என்றார். மீனா சரி என்று வாக்குக் கொடுத்தாள். அன்றிரவு பாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டே குளியலறைக்குப் போவதைப் பார்த்தாள். மறுநாளும் பாட்டி வலி மாத்திரை கேட்டார். மூன்றாம் நாள், பாட்டியிடம் எதுவும் சொல்லாமலே மீனா அம்மாவுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினாள். பாட்டி அன்று முழுவதும் அவளிடம் பேசவில்லை.

வினா இது: மீனா வாக்கை மீறியது சரியா?

பெரும்பாலும் வரும் விடை: “மீனா செய்தது சரி. ஏனென்றால் பெரியவர்களின் உடல்நலம் முக்கியம். நாம் அவர்களை எப்போதும் கவனித்துக்கொள்ள வேண்டும்.” நல்ல தமிழ், நல்ல எண்ணம். ஆனால் பகுதியைக் கையால் மூடிவிட்டுப் படித்துப் பாருங்கள். மீனாவைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்காத பிள்ளையும் இதை எழுதிவிடலாம். அப்படி எழுத முடிந்தால் அதில் சான்று இல்லை என்றுதான் பொருள்.

இதைச் சொன்னதும் பிள்ளைகள் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுவார்கள். “சரி. ஏனென்றால் பாட்டி வழுக்கி விழுந்தார். முழங்கால் வீங்கியது. அம்மாகிட்ட சொல்லாதே என்றார்” என்று வரிகளை அப்படியே இறக்கிவைப்பார்கள். இங்கே சிக்கல் சற்று நுட்பமானது. வினா கேட்பது மீனா அக்கறையுள்ள பெண்ணா என்றல்ல. வாக்கை மீறியது சரியா என்று. பாட்டி விழுந்ததும் கால் வீங்கியதும் வாக்குக் கொடுக்கும்போதே மீனாவுக்குத் தெரியும். தெரிந்துதானே சரி என்றாள்? ஆகவே அவை மட்டும் வாக்கை மீறியதற்குக் காரணமாகிவிடாது. வாக்குக்குப் பிறகு என்ன மாறியது என்று தேட வேண்டும். சுவரைப் பிடித்து நடந்தது, மறுநாளும் மாத்திரை கேட்டது: விடைக்கு வேண்டிய சான்றுகள் இந்த இரண்டும்தான். வினாவில் உள்ள வினைச்சொல்லுக்குக் கோடு போடச் சொல்வது இதற்காகத்தான்.

சான்றைக் கண்டுபிடித்தபின் அது எதைக் காட்டுகிறது என்று ஒரு வரி எழுத வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் விட்டுவிடும் வரி அதுதான். அவர்களுக்கு அது வெளிப்படையாகத் தெரிகிறது. திருத்துபவருக்கும் தெரியும்தானே என்று நினைத்துக்கொள்கிறார்கள். முழு விடை இப்படி அமையலாம்:

“மீனா வாக்கை மீறியது சரி என்பது என் கருத்து. முதலில் அவள் வாக்கைக் காப்பாற்றவே முயன்றாள். மூன்றாம் நாள்வரை அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பாட்டி சுவரைப் பிடித்து நடந்ததையும் மறுநாளும் வலி மாத்திரை கேட்டதையும் கண்டாள். வலி தணியவில்லை என்பதை இவை காட்டுகின்றன. அந்த நிலையில் பாட்டி மறுபடியும் விழக்கூடும். ஆகவே அம்மாவிடம் சொல்வது வாக்கைவிட அவசியமாகிவிட்டது.”

பகுதியின் வரிகள் சுருக்கமாக, எழுதுபவரின் சொற்களிலேயே வந்திருப்பதைக் கவனியுங்கள். “நான் நினைக்கிறேன், மீனா செய்தது சரி” என்று தொடங்குவது ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் எழுதுவது. “என்பது என் கருத்து” என்று முடிப்பதே தமிழின் போக்கு.

தவறு என்று எழுதினால் மதிப்பெண் போய்விடுமா என்று பெற்றோர் சிலர் கேட்பார்கள். கருத்தைக் கேட்கும் வினாவில் எந்தப் பக்கமும் நிற்கலாம், சான்று இருக்க வேண்டும், அவ்வளவே. “பாட்டியிடம் எதுவும் சொல்லாமலே” என்ற சொற்கள் அந்தப் பக்கத்துக்கு வலுவானவை. அம்மாவிடம் சொல்லப்போகிறேன் என்று முதலில் பாட்டியிடமே சொல்லியிருக்கலாம், அவர் மனம் புண்பட்டிருக்காது என்று வாதாடலாம். ஆனால் “பாட்டி பேசவில்லை, ஆகவே மீனா செய்தது தவறு” என்பது நிற்காது. ஒருவர் கோபப்பட்டார் என்பது அவருடைய மனநிலைக்குச் சான்று. மற்றவர் தவறு செய்தார் என்பதற்குச் சான்றாகாது.

இரண்டு பக்கமும் பாதிப்பாதி நின்று “சரியும்தான், தவறும்தான்” என்று எழுதும் பிள்ளைகளும் உண்டு. பெரும்பாலும் அது நடுநிலை அல்ல. சான்றுகளைத் தேடுமுன்பே எழுதத் தொடங்கிவிட்டதன் அடையாளம். பேனாவை எடுக்குமுன் பகுதியின் ஓரத்தில், உதவும் வரிக்கு ‘ச’ என்றும் எதிரான வரிக்கு ‘த’ என்றும் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். எந்த எழுத்து அதிகம் என்று எண்ண வேண்டாம். வினாவின் வினைச்சொல்லுக்கு எந்த வரி நேராகப் பதில் சொல்கிறதோ, அந்தப் பக்கத்தில் நின்று எழுதட்டும்.