2 கோடி டர்னோவர்... ஆனா வருமானம் 10 லட்சம்தானா? டிராவல் ஏஜென்சி கணக்கைப் புரிஞ்சுக்கலாம் வாங்க!



உங்க காலேஜ் நண்பர் ஒருத்தர் டிராவல் ஏஜென்சி நடத்துறார்னு வெச்சுக்கோங்க. ஒருநாள் போன் பண்ணி, "மச்சி, வருஷத்துக்கு 2 கோடி டர்னோவர் பண்றேன்டா. நீ 5 லட்சம் போடு, 10% பங்கு தர்றேன்" என்கிறார்.

உடனே நம்ம மனசு கணக்கு போடும். 5 லட்சத்துக்கு 10% என்றால் மொத்த பிசினஸோட மதிப்பு 50 லட்சம். 2 கோடி டர்னோவர் இருக்கிற பிசினஸ் வெறும் 50 லட்சத்துக்கா? சூப்பர் டீலா இருக்கே!

ஆனா அவரோட ஆடிட்டர் தயாரிச்ச லாப நஷ்டக் கணக்கை வாங்கிப் பார்த்தா, வருமானம்னு போட்டிருக்கிறது 10 லட்சம்தான். நண்பர் பொய் சொன்னாரா? இல்லை. ஆடிட்டர் தப்பு பண்ணிட்டாரா? அதுவும் இல்லை. ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். ஆனா நீங்க பணம் போடுறதா இருந்தா, பார்க்க வேண்டியது ரெண்டாவது எண்ணை.

ஒரு டிக்கெட்டை வெச்சுப் பார்ப்போம்

சென்னையிலிருந்து டெல்லிக்கு ஒரு டிக்கெட், விலை 10,000 ரூபாய். ஏர்லைன்ஸ் ஏஜென்சிக்குத் தர்ற கமிஷன் 300 ரூபாய். அதுபோக கஸ்டமர்கிட்ட சர்வீஸ் சார்ஜா 200 ரூபாய் வாங்குறார். (ஜிஎஸ்டியை இப்போதைக்கு ஓரமா வெச்சிடுவோம்.)

கஸ்டமர் கொடுக்கிறது 10,200 ரூபாய். அதுல 9,700 ரூபாய் ஏர்லைன்ஸுக்குப் போகணும். ஏஜென்சிக்கு மிஞ்சுறது 500 ரூபாய். இந்த 500தான் வருமானம். அந்த 9,700 ரூபாய் ஏஜென்சி கைக்கு வந்தாலும், கணக்குல அது 'ஏர்லைன்ஸுக்குக் கொடுக்க வேண்டிய கடன்'. அதாவது, அடுத்தவர் பணம் கொஞ்ச நாள் நம்ம அக்கவுன்ட்ல தங்கிட்டுப் போகுது, அவ்வளவுதான்.

இது ஆடிட்டரோட சொந்த விருப்பம் கிடையாது. சின்ன நிறுவனங்களுக்குப் பொருந்துற கணக்கியல் தரநிலை 9, ஏஜென்ட்டா செயல்படும்போது கமிஷன் மட்டும்தான் வருமானம், வசூலான முழுத் தொகை இல்லைனு தெளிவா சொல்லுது. பெரிய நிறுவனங்களுக்கு 2018 ஏப்ரல் 1 முதல் வந்த இந்த் ஏ.எஸ். 115-லயும் இதேதான் அடிப்படை.

எப்போ முழுத் தொகையைக் காட்டலாம்?

இந்த் ஏ.எஸ். 115 கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: கஸ்டமர் கைக்குப் போறதுக்கு முன்னாடி அந்தப் பொருளோ சேவையோ யாரோட கட்டுப்பாட்டுல இருந்தது? இதைக் கண்டுபிடிக்க மூணு அடையாளம் இருக்கு. சேவையைக் கொடுக்க வேண்டிய பொறுப்பு யாருக்கு? விற்காம போனா நஷ்டம் யாருக்கு? விலையை முடிவு பண்றது யாரு?

நம்ம டெல்லி டிக்கெட்ல விமானத்தை ஓட்டுறது ஏர்லைன்ஸ். சீட் காலியா போனா நஷ்டம் ஏர்லைன்ஸுக்கு. விலை வைக்கிறதும் ஏர்லைன்ஸ்தான். அப்போ நண்பர் வெறும் ஏஜென்ட்.

இப்போ அதே நண்பர் கோடை விடுமுறைக்காக 20 சீட்டை, தலா 8,000 ரூபாய்னு 1,60,000 கொடுத்து முன்கூட்டியே வாங்கிடுறார். திருப்பிக் கொடுக்க முடியாது. தன் இஷ்டப்படி ஒரு சீட்டை 10,000-க்கு விற்கிறார். விற்காத சீட்டுக்கு நஷ்டம் அவருக்கேதான். இங்க அவர் ஏஜென்ட் இல்லை, சரக்கை வாங்கி விற்கிற வியாபாரி மாதிரி. அதனால 10,000-ஐயும் வருமானமா காட்டி, 8,000-ஐ செலவா காட்டலாம். ஒரே கடையில ரெண்டு விதமான கணக்கும் இருக்கலாம்.

லாபம் மாறாது, தோற்றம் மாறும்

முழுத் தொகையைக் காட்டினாலும் கமிஷனை மட்டும் காட்டினாலும் டெல்லி டிக்கெட்ல லாபம் அதே 500 ரூபாய்தான். அப்புறம் எதுக்கு இவ்வளவு சண்டை? டர்னோவரை வெச்சு மதிப்பு போடுறவங்க ஏமாந்துடுவாங்க என்பதால்தான்.

அமெரிக்காவுல இது பெரிய அளவுல பேசப்பட்டது. 1999-ல் ப்ரைஸ்லைன் நிறுவனம் மூணாவது காலாண்டுக்குக் காட்டின வருமானம் 152 மில்லியன் டாலர். அது கஸ்டமர்கள் டிக்கெட்டுக்கும் ஹோட்டல் ரூமுக்கும் கொடுத்த முழுத் தொகை. அதுல 134 மில்லியன் ஏர்லைன்ஸுக்கும் ஹோட்டல்களுக்கும் போயிடுச்சு. மிஞ்சினது 18 மில்லியன்தான். வழக்கமான டிராவல் ஏஜென்சியா இருந்திருந்தா அந்த 18-ஐத்தான் வருமானமா காட்டியிருப்பாங்க. வருமானத்தை வெச்சுப் பங்கோட விலை சரியா இல்லையானு பார்த்தவங்களுக்கு, ரெண்டு எண்ணுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, நண்பரோட டீல் என்னாச்சு?

வருமானம் 10 லட்சம். கடை வாடகை மாசம் 15,000, வருஷத்துக்கு 1.80 லட்சம். ரெண்டு ஊழியர்களுக்குத் தலா 18,000 சம்பளம், வருஷத்துக்கு 4.32 லட்சம். சாஃப்ட்வேர், இன்டர்நெட், கரன்ட் எல்லாம் சேர்த்து 1 லட்சம். மிச்சம் 2.88 லட்சம். நண்பர் தனக்குன்னு ஒரு ரூபாய்கூட சம்பளம் எடுக்கலைன்னா மட்டும்தான் இந்த 2.88 லட்சம்!

உங்க 10% பங்குக்கு வருஷத்துக்கு 28,800 ரூபாய். போட்ட 5 லட்சம் திரும்பி வர 17 வருஷத்துக்கு மேல ஆகும். மாசம் 20,000 அவர் சம்பளமா எடுக்க ஆரம்பிச்சா, மிச்சம் 48,000 ரூபாய்தான். உங்க பங்கு 4,800.

வருமானம் சின்னது, ரிஸ்க் பெருசு

இதைத்தான் பலர் கவனிக்கிறதில்லை. கணக்குல கமிஷன் மட்டும்தான் தெரியும். ஆனா கடனுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தா, ரிஸ்க் கிட்டத்தட்ட முழு டிக்கெட் விலைக்கும் இருக்கு.

ஒரு கம்பெனிக்கு 2 லட்சம் ரூபாய்க்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கிறார், "அடுத்த மாசம் தர்றோம்"னு சொல்றாங்க. நண்பருக்கு 5% வீதம் 10,000 ரூபாய் கிடைக்கும். ஆனா 1.90 லட்சத்தை ஏர்லைன்ஸுக்குக் கெடு தேதியில கட்டியாகணும். கம்பெனி கையை விரிச்சா அந்த 1.90 லட்சம் போச்சு. அதைத் திரும்ப எடுக்க இன்னும் 38 லட்சம் ரூபாய்க்கு டிக்கெட் விற்கணும். ஒரே ஒரு வாராக்கடன் வருஷ லாபத்துல மூணுல ரெண்டு பங்கை முழுங்கிடும்.

பேங்க் பேலன்ஸும் இதே மாதிரிதான். "அக்கவுன்ட்ல 6 லட்சம் இருக்கு பாரு"ன்னு காட்டினா, அதுல ஏர்லைன்ஸுக்குக் கட்ட வேண்டியது எவ்வளவுன்னு கேளுங்க. 5.5 லட்சம்னு பதில் வந்தா, அவர் சொந்தப் பணம் 50,000-தான்.

நீங்க என்ன பார்க்கணும்?

நண்பரோ, உறவினரோ பங்கு தர்றேன்னு சொன்னா மூணே விஷயம் கேளுங்க: லாப நஷ்டக் கணக்குல இருக்கிற வருமானம் எவ்வளவு, ஏர்லைன்ஸுக்கு இன்னிக்குத் தர வேண்டிய பாக்கி எவ்வளவு, கஸ்டமர்கள்கிட்ட இருந்து வர வேண்டியது எவ்வளவு, அதுல எத்தனை நாள் பழசு.

லிஸ்ட் ஆன டிராவல் கம்பெனி பங்கு வாங்குறதா இருந்தா, ஆண்டறிக்கை பிடிஎஃப்-ல `net basis`, `agent` என்ற சொற்களைத் தேடுங்க. எந்த வருமானம் கமிஷனா வருது, எது முழுத் தொகையா வருதுன்னு கணக்கியல் கொள்கை பகுதியில எழுதியிருப்பாங்க. விளம்பரத்துல வர்ற மொத்த புக்கிங் மதிப்பை வருமானம்னு நினைச்சுடாதீங்க. ரெண்டு கம்பெனியை ஒப்பிடும்போது, ஒண்ணு முழுத் தொகையையும் இன்னொண்ணு கமிஷனையும் காட்டுதுன்னா, டர்னோவரை விட்டுட்டு லாபத்தை மட்டும் ஒப்பிடுங்க.

அடுத்த தடவை யாராவது "டர்னோவர் 2 கோடி"ன்னு சொன்னா, "அதுல உனக்குன்னு நிக்கிறது எவ்வளவு மச்சி?"ன்னு கேளுங்க. உங்களுக்கும் இப்படி ஒரு ஆஃபர் வந்திருந்தா, கணக்கோட கமென்ட்ல போடுங்க, சேர்ந்து பார்ப்போம்!