பாட்டி கொண்டுவந்த மிளகாய்த்தூள்

1980களில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்துக்குப் பிழைக்கப்போன கொரியக் குடும்பத்தின் கதை ‘மினாரி’. லீ ஐசக் சங் எழுதி இயக்கிய இப்படம் 2020இல் வெளிவந்தது.

பாட்டி சூன்ஜா கொரியாவிலிருந்து வந்து இறங்கியதும் பையைப் பிரிக்கிறார். உள்ளே மிளகாய்த்தூளும் நெத்திலிக் கருவாடும். அதைப் பார்த்ததுமே மகள் மோனிகாவின் கண் கலங்கிவிடுகிறது. ஊரைப் பிரிந்த ஏக்கத்தைச் சொல்ல வசனமே தேவைப்படவில்லை.

பேரன் டேவிட்டுக்கோ பாட்டியைப் பிடிக்கவில்லை. அவரிடம் கொரிய வாடை வீசுகிறதாம், குக்கீ செய்யவும் தெரியாதாம்!

கொண்டுவந்த மினாரிக் கீரை விதையைச் சூன்ஜா ஓடைக்கரையில் விதைக்கிறார். கிம்ச்சியில் போடலாம், சூப்பில் போடலாம், மருந்துக்கும் ஆகும் என்று பேரனுக்கு விளக்குகிறார். பாட்டியின் கைப்பக்குவம் மூன்றாம் தலைமுறைக்குப் போய்ச் சேரும் இடம் இதுதான்.

கடைசியில் கொட்டகை தீப்பற்றி, விற்க வைத்திருந்த காய்கறியெல்லாம் கருகிப்போகிறது. ஓடைக்கரைக் கீரையோ செழித்து நிற்கிறது. அப்பாவும் மகனும் அதைப் பறிக்கிறார்கள்.

சூன்ஜாவாக நடித்த யூன் யோ-ஜங், 2021இல் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் விருதை வென்றார். நடிப்புக்காக அந்த விருதைப் பெற்ற முதல் கொரியக் கலைஞர் அவர்தான்.